பெட்டியின் மேல் நான்கு வரிகள்

மீன் தொட்டிக்கு ஃபில்டர் வாங்கப் போனால், கடைக்காரர் எடுத்து நீட்டும் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் நான்கு விவரங்கள் இருக்கும். எத்தனை லிட்டர் தொட்டிக்குப் பொருந்தும், மணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீரைத் தள்ளும், எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும், எவ்வளவு சத்தம் போடும். வாங்குகிறவர்களில் பலர் முதல் வரியையும் விலையையும் பார்ப்பதோடு சரி. இரண்டாவது வரியில் எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பும் உண்டு. அந்த எண்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிபந்தனையில் அளக்கப்பட்டவை. அந்த நிபந்தனை பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. நம் வீட்டுத் தொட்டிக்கு வந்ததும் எண் என்னவாகிறது என்பதை நாம்தான் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு மீன் வாங்கிவந்த பிளாஸ்டிக் பையும் ஒரு கடிகாரமும் போதும்.

நம் ஊரில் அதிகம் விற்கும் ரெண்டடி தொட்டியையே எடுத்துக்கொள்வோம். 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். மூன்றையும் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். இந்தத் தொட்டிக்கு 70 லிட்டரும் கொஞ்சமும் வருகிறது. ஆனால் விளிம்புவரை யாரும் நிரப்புவதில்லை. மேலே இரண்டு அங்குலம் விட்டால் 61 லிட்டர். அடியில் பரப்பிய கூழாங்கல், ஒரு பாறை, ஒரு மரக்கட்டை எல்லாம் சேர்ந்து ஏழெட்டு லிட்டரை விழுங்கிவிடும். கடையில் ‘எழுபது லிட்டர் தொட்டி’ என்று வாங்கியதில் மீன் நீந்துவது சுமார் 53 லிட்டரில். இனி எல்லாக் கணக்கும் இந்த 53-ஐ வைத்துத்தான்.

இதற்கு வாங்கிய ஃபில்டர் தொட்டிக்குள் கண்ணாடியில் ஒட்டும் சாதாரண பவர் ஃபில்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் 50 முதல் 150 லிட்டர் தொட்டிக்கு, மணிக்கு 600 லிட்டர், 8 வாட் என்று போட்டிருக்கிறது. சத்தத்துக்கு எண் எதுவும் இல்லை, ‘சைலன்ட்’ என்று மட்டும் இருக்கிறது.

எண்களுக்குள் போவதற்கு முன், ஃபில்டர் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மிதக்கும் தூசியையும் கழிவையும் ஸ்பாஞ்ச் பிடித்துவைப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. மீனின் உயிரைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலை. மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான் வருகிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். பளிங்குபோல் தெளிந்த தண்ணீரிலும் மீன் செத்து மிதப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் ஒட்டி வளரும் பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகின்றன. அதுவும் விஷம்தான். வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட்டின் கேடு மிகக் குறைவு, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

ஆக, பம்பின் வேலை இந்த உயிர்களுக்கு அம்மோனியாவையும் ஆக்சிஜனையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஓட்டம் குறைந்தால் அவை வாடும். தேவைக்குமேல் ஓட்டம் கூடினாலோ, அவை வேலை செய்யும் அளவு அதே விகிதத்தில் கூடிவிடாது. அதை நிர்ணயிப்பது அவை ஒட்டி வாழும் பரப்பு, அதாவது ஸ்பாஞ்சின் அளவு. ஆனால் அந்தப் பரப்பைச் சொல்லும் எண் பெட்டியில் அநேகமாக இருப்பதில்லை. ஒரே மாதிரி 600 லிட்டர் போட்ட இரண்டு ஃபில்டர்களில் ஒன்றுக்குள் விரல் பருமனுக்கு ஸ்பாஞ்ச் இருக்கும், மற்றதில் கை முட்டி அளவுக்கு இருக்கும். பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குவதே சரி.

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு நாள் கேட்ட பேச்சு இது. “அண்ணே, ஆயிரம் லிட்டர் தள்றதா குடுங்க. தண்ணி பளிச்சுன்னு இருக்கணும்” என்றார் வந்தவர். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கவில்லை. “சார், உங்களது ரெண்டடி தொட்டி. உள்ள இருக்கிறது ஃபைட்டர். ஆயிரம் போட்டீங்கன்னா மீன் ஒரு மூலையிலேயே ஒண்டிக்கிட்டுக் கெடக்கும். பம்பு சின்னதா எடுங்க, ஸ்பாஞ்ச் பெருசா இருக்கான்னு பாத்து எடுங்க.” இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த 600 எப்படி வந்தது? ஸ்பாஞ்ச் இல்லாமல், குழாய் இல்லாமல், தண்ணீரை ஒரு விரற்கடைகூட மேலே ஏற்றாமல், புது மோட்டாரை வெறுமனே ஓடவிட்டால் கிடைக்கும் அளவு அது. தொட்டிக்கு மேலே தட்டு வைத்து வடிகட்டும் டாப் ஃபில்டராக இருந்தால் பெட்டியில் Hmax என்று இன்னோர் எண்ணும் இருக்கும். பம்ப் தண்ணீரை அதிகபட்சம் எவ்வளவு உயரம் ஏற்றும் என்பது அது. அந்த உயரத்தில் ஓட்டம் பூஜ்யம். Hmax 0.8 மீட்டர் என்று இருக்கும் பம்ப் தண்ணீரை 20 சென்டிமீட்டர் ஏற்றினாலே சுமாராகக் கால் பங்கு ஓட்டம் போய்விடும்.

நம் வீட்டில் அளக்கும் வழி இது. மீன் வாங்கிவந்த பாலிதீன் பையை எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, உள்ளே இருக்கும் காற்றையும் தண்ணீரையும் பிழிந்து வெளியேற்றி, தட்டையாக்கிக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரின் வாயில், தண்ணீருக்குள்ளேயே, பையின் வாயைச் சட்டென்று செருகிப் பிடியுங்கள். சரியாகப் பத்து விநாடி கழித்து எடுத்து வாயை முறுக்கிக்கொண்டு, அளவு போட்ட குவளையில் ஊற்றிப் பாருங்கள். வந்த லிட்டரை 360-ஆல் பெருக்கினால் மணிக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பை தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் பம்ப் எதையும் உயரத் தூக்க வேண்டியதில்லை, அதனால் அளவு ஏறக்குறைய சரியாக வரும். பக்கவாட்டில் தொங்கும் ஹேங் ஆன் ஃபில்டரில் தண்ணீர் விழும் இடத்தில் குவளையை நேரடியாகவே பிடிக்கலாம்.

நம் எடுத்துக்காட்டுத் தொட்டியில் புது ஸ்பாஞ்சோடு பத்து விநாடியில் 1.1 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 396 லிட்டர். பெட்டி சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு. மூன்று வாரம் கழித்து, ஸ்பாஞ்சில் அழுக்கு ஏறிய பிறகு அதே பையில் 650 மில்லிதான் வருகிறது. மணிக்கு 234. தொட்டித் தண்ணீர் மொத்தமும் மணிக்கு எத்தனை முறை ஃபில்டருக்குள் போய்வருகிறது என்று பார்த்தால், பெட்டிக் கணக்கில் பதினொரு முறை, புது ஸ்பாஞ்சில் ஏழரை முறை, அழுக்கேறிய ஸ்பாஞ்சில் நாலரை முறைக்கும் கீழே. மீன் வளர்ப்பவர்கள் பொதுவாக நான்கு, ஐந்து முறை போதும் என்பார்கள். எனவே இந்த ஃபில்டர் இந்தத் தொட்டிக்குச் சரி, ஸ்பாஞ்சை அலச வேண்டிய நேரமும் வந்துவிட்டது. முதல் நாள் அளவை ஒரு தாளில் எழுதிப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். அதில் பாதியை நெருங்கும்போது அலசினால் போதும், நாள் கணக்கு வைத்துக்கொண்டு அலச வேண்டியதில்லை. அலசும்போது குழாய்த் தண்ணீரில் காட்டக் கூடாது. மாநகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரின், இத்தனை வாரம் வளர்ந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்து அதில் பிழிந்தால் அழுக்கு போகும், உயிர் நிற்கும்.

தொட்டி அளவு வரிக்கு வருவோம். 50 முதல் 150 லிட்டர் என்பதில் மேல் எண், சின்னச் சின்ன மீன்கள் கொஞ்சமாக இருக்கும் தொட்டிக்குரியது. டெட்ராவும் கப்பியும் இருந்தால் அதை நம்பலாம். கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும். அதை வளர்ப்பவர் மேல் எண்ணைப் பாதியாக்கிப் படிப்பது நல்லது. இந்த ஃபில்டர் அவருக்கு 75 லிட்டர் ஃபில்டர். கீழ் எண் சுத்தத்தைப் பற்றியது அல்ல, வேகத்தைப் பற்றியது. 50 லிட்டருக்கும் குறைந்த தொட்டியில் இதைப் போட்டால் தண்ணீர் சுழன்றடிக்கும். நீண்ட துடுப்புள்ள ஃபைட்டர் அதில் நீந்தியே களைத்துவிடும். மீன் எப்போதும் செடிக்குப் பின்னாலோ ஓட்டம் எட்டாத மூலையிலோ இருந்தால், போட்ட தீனி மீன் வாய் வைக்கும் முன் ஓடிப்போனால், ஓட்டம் அதிகம் என்று பொருள். ஃபில்டரின் வாயைக் கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்தாலே பாதி வேகம் அடங்கும்.

இணையத்தில் வெளிநாட்டுச் சரக்கைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கப் பெட்டிகளில் ஓட்டம் கேலனில் இருக்கும். ஒரு கேலன் 3.8 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஊர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. இந்தச் சின்ன மோட்டார்களுக்குள் இருக்கும் காந்த உருளை மின்சாரத்தின் துடிப்போடு சேர்ந்தே சுற்றும். அங்கே நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றுவது இங்கே 3,000 சுற்றுதான் சுற்றும். அதனால் அங்கே அளந்த ஓட்டம் இங்கே முழுதாகக் கிடைக்காது. மின்னழுத்தமும் வேறு. 110 வோல்ட் மோட்டாரை நம் பிளக்கில் செருகினால் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்பட ஃபில்டரே மிஞ்சாது.

ஸ்பாஞ்ச் ஃபில்டரில் இன்னொரு குழப்பம் உண்டு. அதில் மோட்டார் கிடையாது. ஏர் பம்ப் அனுப்பும் காற்றுக் குமிழிகள் மேலேறும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பெட்டியில் நிமிடத்துக்கு 3 லிட்டர் என்று இருந்தால் அது காற்றின் அளவு, தண்ணீரின் அளவு அல்ல. அதை மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பார்க்கக் கூடாது. ஓட்டம் மெதுவாக இருந்தாலும் பரப்பு பெரிது, குஞ்சுகளை இழுத்து நசுக்காது. குஞ்சு பொரிக்கும் தொட்டிகளில் இதையே போடுவதற்குக் காரணம் அதுதான்.

மின்சாரக் கணக்கு எளிது. 8 வாட் மோட்டார் இரவு பகலாக இரண்டு மாதம் ஓடினால் பதினொன்றரை யூனிட். ஏர் பம்ப் 3 வாட் என்றால் நாலேகால் யூனிட். கரண்டை மிச்சப்படுத்துகிறேன் என்று இரவில் ஃபில்டரை நிறுத்துகிறவர்கள் உண்டு. மிஞ்சுவது அதிகம் போனால் ஐந்தாறு யூனிட். ஓட்டம் நின்ற ஸ்பாஞ்சுக்குள்ளோ பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சுத்திணறிக் கிடக்கும். தண்ணீருக்குள் மூழ்கிய மோட்டார் இழுக்கும் 8 வாட்டும் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரிலேயே சேர்கிறது என்பதை மட்டும் மே மாதத்தில் நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் கரைவது 30 டிகிரியில் 7.5 ஆகிவிடும். தேவைக்குமேல் பெரிய மோட்டாரைப் போடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஹீட்டர் பெட்டியிலும் இதே தொட்டி அளவு வரி இருக்கும். சமவெளியில் பெரும்பாலான மாதங்கள் அது தேவைப்படாது. ஊட்டியில் தேவை. நம் 53 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 62 வாட்-மணி வேண்டும். அதாவது 50 வாட் ஹீட்டர், வெப்பம் துளிகூட வெளியே போகாவிட்டாலும், ஒரு மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொள்ளும். பெட்டியில் ‘50 லிட்டருக்கு 50 வாட்’ என்று இருப்பது, அறையைவிடத் தண்ணீர் சில டிகிரி மட்டும் சூடாக இருந்தால் போதும் என்று வைத்துச் சொல்வது. அறை 12 டிகிரிக்கு இறங்கும் இரவில் தண்ணீரை 25-இல் நிறுத்த அது போதாது, 100 வாட் வேண்டியிருக்கும். 100 வாட் ஹீட்டர் நாளில் பாதி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். தண்ணீர் மாற்றும் முன் அதன் பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடித்துவிடும்.

சத்தத்துக்குத்தான் பெட்டியில் உருப்படியான விவரமே இருக்காது. சிலவற்றில் டெசிபல் போட்டிருப்பார்கள். எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. டெசிபலில் பத்து கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொண்டால் 30-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் புரியும். புது மோட்டார் எதுவானாலும் அநேகமாக அமைதியாகத்தான் இருக்கும். சத்தம் பிறகு வருகிறது. வரும் விதத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடலாம்.

அலசி மாட்டியதும் கடகடவென்று கேட்டு ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கினால், உள்ளே சிக்கிய காற்று. ஃபில்டரை லேசாகச் சாய்த்தால் குமிழிகள் வெளியேறும். சலசலவென்று தண்ணீர் விழும் சத்தம் நாளுக்கு நாள் கூடினால், ஆவியாகித் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கிறது. ஒரு குடம் ஊற்றினால் நின்றுவிடும். ஒரே சீரான உர்ர் என்ற ஒலி, ஃபில்டரைக் கண்ணாடியிலிருந்து கையால் பிரித்துப் பிடித்ததும் குறைந்தால், மோட்டாரின் அதிர்வைக் கண்ணாடி வாங்கிப் பெரிதாக்குகிறது. இறுகிப்போன ரப்பர் உறிஞ்சிகளை மாற்ற வேண்டும். ஏர் பம்பை மரப்பலகையில் வைத்தாலும் இதே கதைதான். அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்தால் பாதி சத்தம் போய்விடும்.

அரைக்கும் சத்தம் விடாமல் கேட்டால் இம்பெல்லரைத் திறந்து பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரின் முன்மூடியைத் திருகினால் சின்ன விசிறியோடு காந்த உருளை வெளியே வரும். நடுவில் ஊசிபோல ஓர் அச்சு. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் உருளையின் மேலும் அது சுற்றும் குழியிலும் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ அரை மணி நேரம் ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் வந்துவிடும். நன்றாகக் கழுவிய பிறகே தொட்டிக்குள் போட வேண்டும். அச்சின் இரு முனையிலும் மிளகு அளவில் கறுப்பு ரப்பர் மூடிகள் இருக்கும். கழுவும்போது அவை தெரியாமல் தண்ணீரோடு போய்விடும், பிறகு அச்சு ஆடி, எவ்வளவு சுத்தம் செய்தாலும் சத்தம் நிற்காது. இம்பெல்லரைக் கழற்றும்போது கீழே ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். இம்பெல்லர் சில சமயம் ஒரு பக்கமாகவும் சில சமயம் மறு பக்கமாகவும் சுற்றுவதைப் பார்த்துக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இந்த வகை மோட்டார் எந்தப் பக்கமும் கிளம்பும். அதனால்தான் அதன் இதழ்கள் வளைவில்லாமல் நேராக இருக்கின்றன.

இன்வெர்ட்டர் வந்ததும் மட்டும் உறுமினால் ஃபில்டரில் குறையில்லை. ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டரில் மின்விசிறி உறுமுவது போலத்தான் இதுவும், கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. இன்வெர்ட்டரே இல்லாத வீட்டில் மின்சாரம் போய்வருவதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஏர் பம்பை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், முடியாவிட்டால் குழாயின் நடுவே ஒருவழி வால்வு போட வேண்டும். இல்லையென்றால் காற்று நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்புக்குள் இறங்கிவிடும். இரண்டாவது, தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் பற்றியது. பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் நேரே தொட்டிக்குள் போகும். திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் எல்லாவற்றையும் அலசிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். அடுத்த சில நாட்களுக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்து, தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.